பழைய குடும்பப் படம்: பின்னணியில் படிந்த கறையும் மடிப்பும் பூஞ்சையும்

பழைய ஸ்டூடியோ படம் ஒன்றில் சேதம் முதலில் கண்ணில் படுவது பின்னணியில்தான். முகத்திலும் புடவைக் கரையிலும் நகையிலும் கோடுகளும் நிழல்களும் அடர்ந்திருப்பதால் சிறு புள்ளிகள் அங்கே ஒளிந்துகொள்ளும். பின்னால் தொங்கும் படுதா அப்படியல்ல. வெளிறிய சாம்பலிலிருந்து அடர்ந்த சாம்பலுக்கு மெல்ல மாறுகிற பரப்பு அது. குண்டூசித் தலையளவு கறை விழுந்தாலும் பளிச்சென்று தெரியும். அந்தக் கறையைத் துடைத்த தடமும் அதே அளவுக்குத் தெரியும் என்பதுதான் இந்த வேலையின் சிக்கல். கணினியில் சுத்தம் செய்த பல படங்களில் மனிதர்கள் பழைய தாளிலும், பின்னணி மட்டும் மெழுகு பூசிய சுவர் போலவும் தெரிவதற்கு இதுவே காரணம்.

இந்த மூன்று சேதங்களும் ஒரே மாதிரி உண்டானவை அல்ல. நீக்கும் வழியும் வெவ்வேறு. 1980கள் வரை வீடுகளில் மாட்டிய கருப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை ஜெலட்டின் பூசிய தாளில் அச்சிட்டவை. அடியில் தாள், அதன்மேல் வெண்மைக்காகப் பேரியம் சல்பேட் பூச்சு, அதற்கும் மேலே நுண்ணிய வெள்ளித் துகள்களைத் தாங்கிய ஜெலட்டின் படலம். கறை என்பது இந்த அடுக்குகளில் ஊறிய நிறம். அதற்கு அடியில் படம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மடிப்பு என்பது படலம் மடங்கி வெடித்த இடம். வெடிப்பில் அடியிலுள்ள வெண்மை எட்டிப்பார்க்கும். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கும் புரதம் என்பதால் பூஞ்சைக்கு அது உணவு. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் போதும், பூஞ்சை படலத்தைத் தின்னத் தொடங்கிவிடும். தின்ற இடத்தில் படமே மிஞ்சியிருக்காது.

ஆகவே கறைக்கு அடியிலிருக்கும் படத்தை மீட்க முடியும். வெடிப்பிலும் பூஞ்சை தின்ற புள்ளியிலும் மீட்க எதுவுமில்லை. அக்கம்பக்கத்திலிருந்து இட்டு நிரப்பத்தான் முடியும். மீட்கக்கூடியதை எல்லாம் மீட்டுவிட்டு, மிச்சத்தை மட்டும் நிரப்பினால் படம் படமாகவே இருக்கும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்குவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வழிமுறையைக் காட்ட, தமிழ் வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய ஒரு படத்தை வைத்துக்கொள்ளலாம். 6 அங்குல அகலம், 8 அங்குல உயரம், அட்டையில் ஒட்டியது. நடுவில் நாற்காலியில் அமர்ந்த தம்பதி, இருபுறமும் நிற்கும் பிள்ளைகள். பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த படுதா. சுவர் ஈரம் பட்டு இடது மேல் மூலையிலிருந்து பழுப்புக் கறை ஒன்று வழிந்திருக்கிறது. வலது மேல் மூலையில் தொடங்கும் மடிப்பு தூணைக் கடந்து மூத்த பிள்ளையின் தோள்வரை வருகிறது. மேற்பகுதி முழுதும் பூஞ்சைப் புள்ளிகள். திவச நாட்களில் இட்ட சந்தனமும் குங்குமமும் கண்ணாடி இல்லாத காலத்தில் தாளிலேயே பட்டுத் திட்டாக நிற்கின்றன.

ஸ்கேன் செய்யும்போதே தொடங்கும் வேலை

படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. தண்ணீர் பட்டால் ஜெலட்டின் ஊறி இளகும். பூஞ்சை தின்ற இடங்களில் கரைந்தே போகலாம். பூஞ்சை பஞ்சு போல ஈரமாக இருந்தால் படத்தைக் காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, பொடியாக உதிரும் நிலைக்கு வந்தபின் மென்மையான பிரஷ்ஷால் வெளியிடத்தில் தட்டிவிடலாம். முகக்கவசமும் கையுறையும் அவசியம். படம் ஃபிரேமின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயன்றால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்வதுதான் சரி. அதற்கு சி.சி.டி. வகை ஸ்கேனர் தேவை. மெல்லிய சி.ஐ.எஸ். வகை ஸ்கேனர்களில் தாள் கண்ணாடியைவிட்டுச் சற்று எழும்பினாலே படம் மங்கிவிடும்.

கருப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரைக் கருப்பு வெள்ளையில் வைத்தால் வேலையின் பாதி வாய்ப்பு அங்கேயே போய்விடும். வண்ணத்தில், 48 பிட்டில், 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு அது 3600க்கு 4800 பிக்சல்; கோப்பு ஏறத்தாழ 100 எம்.பி. வரும். ஸ்கேனர் தானாகச் செய்யும் நிறத் திருத்தம், கூர்மையாக்கம், தூசி நீக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். 8 பிட்டில் சேமித்த படத்தின் படுதாவைப் பிறகு வெளிச்சப்படுத்தினால் மெல்ல மாற வேண்டிய சாம்பல் படிப்படியாக உடைந்து பட்டை பட்டையாகத் தெரியும். இதனால்தான் 48 பிட் கேட்கிறோம்.

மடிப்பு உள்ள படத்துக்கு இன்னொரு ஸ்கேனும் தேவை. பெரும்பாலான ஸ்கேனர்களில் விளக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒளி வீசும். மடிப்பின் மேடு அதற்கு ஒரு பக்கம் மினுங்கும், மறுபக்கம் நிழலாகும். திரையில் தெரியும் மடிப்புக் கோட்டில் பெரும்பகுதி இந்த ஒளியும் நிழலும்தான். தாளில் அது சேதமே அல்ல. படத்தை 180 பாகை திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால் மினுங்கிய பக்கம் நிழலாகும், நிழல் மினுங்கும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பட்டுத்துணி போன்ற சொரசொரப்புத் தாளில் அச்சிட்ட படங்களுக்கும் இதே வித்தை உதவும்.

இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் இதைச் செய்வது எளிது. முதல் ஸ்கேனைத் திறந்து, இரண்டாவதை File > Open as Layers வழியே அதன்மேல் கொண்டுவந்து, அந்த லேயரை மட்டும் 180 பாகை திருப்பிவிட வேண்டும். மேல் லேயரின் முறையை Difference என்று மாற்றினால் இரண்டும் வேறுபடும் இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அம்புக்குறி விசைகளால் நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் படம் ஏறக்குறைய முழுக் கறுப்பாகும். அங்கே இரண்டும் பொருந்திவிட்டன. பிறகு முறையை Normal ஆக்கி, ஒளிபுகாமையை 50 ஆக வைத்தால் சராசரி கிடைக்கும். பழைய தாள் நெளிந்திருப்பதால் படம் முழுதும் மயிரிழை பிசகாமல் பொருந்தாது. முகங்களில் இந்தச் சராசரியைப் பயன்படுத்தினால் கூர்மை குறையும். மேல் லேயருக்கு ஒரு மாஸ்க் இட்டு, மடிப்பு ஓடும் பட்டையில் மட்டும் அதை வைத்துக்கொள்வது நல்லது. இதற்குப் பிறகு கோட்டில் எஞ்சுவது உண்மையாகவே வெடித்த வெள்ளை மட்டும்தான்.

மூன்று சேனல்களில் ஒன்று சுத்தமாக இருக்கும்

வண்ண ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றும் தனியாக ஒரு கருப்பு வெள்ளைப் படம். பழுப்பும் மஞ்சளும் நீல ஒளியை விழுங்கிவிட்டுச் சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பும். அதனால் பழுப்புக் கறை நீலச் சேனலில் கன்னங்கறுப்பாகவும், பச்சையில் பாதியாகவும், சிவப்பில் இருக்கிறதா இல்லையா என்று தேடும்படியும் இருக்கும். மஞ்சள், சந்தனம், தேநீர், துருப்பிடித்த ஆணியின் தடம் ஆகியவையும் பெரும்பாலும் இப்படித்தான். குங்குமம் பச்சையிலும் நீலத்திலும் கறுத்து, சிவப்பில் மறைந்துவிடும். நீல மசி மட்டும் நேர்மாறு: அது சிவப்பில் அடர்ந்தும் நீலத்தில் மங்கியும் தெரியும்.

எடுத்துக்கொண்ட படத்தில் படுதாவின் சுத்தமான இடத்தைக் கலர் பிக்கரால் தொட்டால் சிவப்பு 185, பச்சை 172, நீலம் 148 என்ற அளவில் வரும் என்று வைத்துக்கொள்வோம். தாளே வயதாகி மஞ்சளித்திருப்பதால் மூன்றும் சமமாக இருக்காது. அதன் பக்கத்திலேயே கறையின் நடுவில் தொட்டால் 176, 146, 98. நீலத்தில் வித்தியாசம் 50, பச்சையில் 26, சிவப்பில் வெறும் 9. ஒரு மணி நேரம் பிரஷ்ஷால் தேய்த்தாலும் கிடைக்காத தூய்மை ஸ்கேனுக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. Colors > Components > Decompose கட்டளையில் RGB என்பதைத் தேர்ந்தால் மூன்று சேனல்களும் தனித்தனி லேயராக ஒரு புதிய கோப்பில் திறக்கும். கண் குறியை மாற்றி மாற்றி அழுத்தினால் கறை எங்கே மறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். படத்தின் ஓரங்களில் வெள்ளி மேலே கசிந்து நீலமாக மினுங்கும் பழைய படங்களிலும் சிவப்புச் சேனல் பல நேரம் கைகொடுக்கும்.

ஆனால் சிவப்புச் சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. பழைய படங்கள் மங்கும்போது வெள்ளிப் படமே மஞ்சளும் பழுப்புமாக மாறும். அப்போது வேட்டியின் மடிப்பு, வெள்ளை ஜாக்கெட்டின் தையல் போன்ற வெளிச்சப் பகுதி நுணுக்கங்களும் பழுப்பு நிறத்தில்தான் எஞ்சியிருக்கும். சிவப்புச் சேனல் கறையை மறைப்பது போலவே இவற்றையும் மறைத்துவிடும். எனவே பச்சைச் சேனலை அடிப்படையாக வைத்து, அதன்மேல் சிவப்பை அடுக்கி, மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் இட்டு, கறை இருக்கும் இடத்தில் மட்டும் மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷால் திறந்துவிடுவதே பாதுகாப்பான வழி. சிவப்பு சற்று வெளிச்சமாக இருக்கும் என்பதால் அந்த லேயரில் Curves கொண்டு சுத்தமான இடத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகும்படி முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். மேலே சொன்ன படத்தில் 185ஐ 172க்கு இறக்கினால் போதும்.

கையால் வண்ணம் தீட்டிய படங்களும் அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் உண்டு. உதட்டுக்குச் சிவப்பும் கரைக்கு ஜரிகை மஞ்சளும் தீட்டியிருப்பார்கள். அவற்றில் இந்தச் சேனல் வேலையைப் படுதாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஓவியர் தீட்டிய வண்ணமும் கறையோடு சேர்ந்து போய்விடும்.

மிச்சமிருக்கும் திட்டு

சேனல் மாற்றிய பிறகும் பெரிய கறையின் சாயல் லேசாக இருக்கும். குறிப்பாக ஈரம் வந்து நின்ற எல்லையில் ஒரு அடர்ந்த விளிம்புக் கோடு உண்டு. ஈரம் கொண்டுவந்த அழுக்கெல்லாம் அங்கே தேங்கி உலர்ந்ததால் வந்தது அது. உள்ளங்கை அகலத் திட்டை ஹீல் டூலால் தேய்ப்பது வீண். அது சிறு இடங்களுக்கான கருவி. இங்கே தேவைப்படுவது படத்தின் வெளிச்ச இருட்டையும் அதன் நுண்துகளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வது.

Filters > Enhance > Wavelet Decompose இதைச் செய்யும். அளவை 5 என்று விட்டால் ஐந்து லேயர்களில் நுணுக்கமான கோடுகளும் துகள்களும் போய்விடும். அடியில் Residual என்ற லேயரில் மங்கலான வெளிச்ச இருட்டு மட்டும் எஞ்சும். திட்டு பெரும்பாலும் இந்த அடி லேயரில்தான் இருக்கும். படுதாவில் கறை உள்ள பகுதியை லாஸ்ஸோவால் சுற்றி, விளிம்பை நன்றாக மென்மையாக்கி, அடி லேயரில் மட்டும் Curves கொண்டு சுற்றுப்புறத்தின் சாம்பலுக்குக் கொண்டுவரலாம். ஓரங்களில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை Gaussian Blur கொண்டு சமன்செய்யலாம். மேல் லேயர்கள் தொடப்படாததால் துணியின் சொரசொரப்பும் படத்தின் கிரெயினும் அப்படியே இருக்கும். விளிம்புக் கோடு மெல்லியதாக இருந்தால் அது நடுவிலுள்ள லேயர் ஒன்றிலும் கொஞ்சம் தங்கியிருக்கும்; அந்த லேயரில் அதை மட்டும் தனியாக ஹீல் செய்ய வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. பிளர் செய்யும்போது தேர்ந்த பகுதிக்கு வெளியே இருக்கும் பிக்சல்களும் கணக்கில் சேரும். தேர்வின் எல்லை தலைமுடியை ஒட்டிப் போனால் முடியின் கறுப்பு படுதாவில் கசிந்து, தலையைச் சுற்றிப் புகை வளையம் போல ஒரு நிழல் விழும். வெள்ளை வேட்டியை ஒட்டிப் போனால் வெளிச்ச வளையம். ஆகவே தேர்வை உருவங்களிலிருந்து பிளர் அளவைப் போல இரண்டு மடங்காவது தள்ளி நிறுத்த வேண்டும். உருவத்தை ஒட்டிய அந்த ஒடுங்கிய பட்டையைக் கடைசியில் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஹீல், குளோன்: எது எங்கே

குளோன் டூல் ஓரிடத்திலிருந்து எடுத்ததை அப்படியே இன்னோரிடத்தில் வைக்கும். ஹீல் டூல் எடுத்த இடத்தின் துகளை மட்டும் வாங்கிக்கொண்டு, வைக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு அதைப் பொருத்திவிடும். படுதா போல மெல்ல மாறும் பரப்பில் ஹீல் சிறந்தது. எடுத்த இடம் சற்று அடர்ந்திருந்தாலும் அது சரிசெய்துகொள்ளும். ஆனால் பக்கத்தில் தோள் அல்லது முடி போன்ற கறுத்த விளிம்பு இருந்தால் ஹீல் அந்தக் கறுப்பையும் சுற்றுப்புறம் என்று எடுத்துக்கொண்டு அழுக்குத் தீற்றலை உண்டாக்கும். விளிம்பருகே குளோன்தான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழைகள் வராது.

மடிப்பின் வெடிப்பை இப்படி எடுக்கலாம். முதலில் லேயரின் நகல் ஒன்றை உண்டாக்கி, அதில் மட்டும் வேலை செய்ய வேண்டும். 600 டி.பி.ஐ.யில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 24 பிக்சல். வெடிப்பு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அகலம் என்றால் 8 பிக்சல். பிரஷ் 12 பிக்சல் இருந்தால் போதும். பிரஷ்ஷின் விளிம்பு மிக மென்மையாக இருக்கக் கூடாது. மென்மையான விளிம்பில் பழைய துகளும் புதிய துகளும் பாதிப் பாதியாகக் கலந்து மழுங்கிவிடும். கோடு போனாலும் அதன் இடத்தில் ஒரு வழுவழுப்பான தடம் தெரியும். கெட்டித்தன்மை 75 அளவில் இருப்பது நல்லது.

கண்ட்ரோல் விசையோடு சொடுக்கி மாதிரி இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் மடிப்பு முழுதையும் கடக்காமல் சிறு சிறு துண்டுகளாகப் போக வேண்டும். இரண்டு மூன்று துண்டுக்கு ஒருமுறை மாதிரி இடத்தை மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒரே துகள் வரிசை இரண்டு கோடுகளாக இணையாக ஓடும். கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும். வெறும் படுதாவில் மாதிரியை எந்தப் பக்கமும் எடுக்கலாம். படுதாவில் வரைந்த தூணின் விளிம்பை மடிப்பு வெட்டும் இடத்தில் அப்படி முடியாது. அங்கே அதே தூண் விளிம்பில் சற்று மேலேயோ கீழேயோ சரியாகக் கோட்டின்மீதே மாதிரியைக் குறித்து, கோட்டின் திசையிலேயே குளோன் செய்தால் விளிம்பு ஒடியாமல் தொடரும். தூண் நேராகச் சேர்ந்த பிறகு அதன் இருபக்கமும் ஹீல் செய்யலாம். மூத்த பிள்ளையின் தோளில் மடிப்பு முடியும் இடத்தில், தோளின் கோட்டுக்கு வெளியே மட்டும் பிரஷ் படும்படி அந்த விளிம்பில் ஒரு தேர்வு எல்லையைப் போட்டுக்கொண்டால் கை தவறினாலும் உருவம் கெடாது.

பூஞ்சைப் புள்ளிகள்

பூஞ்சைப் புள்ளிகளில் இரண்டு வகை. பழுப்பாகப் படிந்தவை சேனல் மாற்றத்திலேயே பெரும்பாலும் மங்கிப்போயிருக்கும். ஜெலட்டினைத் தின்றவை சிறு வெள்ளை அல்லது கறுப்புப் புள்ளிகளாக, பெரிதாக்கிப் பார்த்தால் வேர் பரவியது போன்ற இழைகளோடு இருக்கும். புள்ளிகள் சில பத்து என்றால் ஒவ்வொன்றாக ஹீல் செய்வதே நல்லது: புள்ளியைவிடச் சற்றுப் பெரிய பிரஷ், ஒரே சொடுக்கு, அடுத்தது. இழுக்கக் கூடாது. படுதாவின் மேற்பகுதி முழுதும் நூற்றுக்கணக்கில் தூவியிருந்தால் வேறு வழி வேண்டும்.

லேயரை நகலெடுத்து, Filters > Blur > Median Blur கொண்டு புள்ளியின் அகலத்துக்கு மேற்பட்ட ஆரத்தில் பிளர் செய்தால் புள்ளிகளும் கிரெயினும் எல்லாமே மறையும். அந்த மழுங்கிய லேயரை அப்படியே வைத்தால்தான் பின்னணி மெழுகாகிவிடும். அதற்குப் பதிலாக அதன் முறையை Lighten only என்று மாற்ற வேண்டும். இப்போது அடியில் இருப்பதைவிட வெளிச்சமான இடத்தில் மட்டும் மேல் லேயர் வேலை செய்யும். அதாவது கறுப்புப் புள்ளிகள் மட்டும் மூடப்படும். ஆனால் கிரெயினில் இருக்கும் சிறு கறுப்புத் துகள்களையும் அது மூடும். அதைத் தடுக்க மழுங்கிய லேயரைக் கிரெயினின் ஏற்ற இறக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருட்டாக்கிவிட வேண்டும். படுதாவின் சாம்பல் 172, கிரெயின் அதிலிருந்து 10 வரை கீழே இறங்குகிறது என்றால் லேயரை 160க்கு இறக்கலாம். 160க்கு மேலிருக்கும் துகள்கள் தப்பிவிடும். 110இல் இருந்த பூஞ்சைப் புள்ளி 160க்கு ஏறி, துகள்களில் ஒன்றாகக் கலந்துவிடும். வெள்ளைப் புள்ளிகளுக்கு இன்னொரு நகலில் Darken only வைத்து, லேயரை அதேபோல் சற்று வெளிச்சமாக்கினால் போதும்.

இந்த இரண்டு லேயர்களுக்கும் கறுப்பு மாஸ்க் இட்டு, வெறும் படுதாவில் மட்டும் திறக்க வேண்டும். திரைச்சீலையின் கோடுகளும் தூணின் பூவேலையும் மெல்லிய கறுப்புக் கோடுகள்தான். மென்பொருளுக்கு அவையும் புள்ளிகளும் ஒன்று. முகத்தில் இந்த லேயர் பட்டால் கண்மணியின் ஒளிப்புள்ளியும் மூக்குத்தியும் போய்விடும்.

எதைத் தொடக் கூடாது

எது கறை, எது படம் என்று பார்த்துப் பிரிப்பது கருவியைவிட முக்கியம். உருவங்களுக்குப் பின்னால் படுதாவில் விழுந்திருக்கும் மங்கலான நிழல் ஸ்டூடியோ விளக்கின் நிழல். அதை நீக்கிவிட்டால் ஆட்கள் வெட்டி ஒட்டியது போல மிதப்பார்கள். நான்கு மூலையும் சற்று இருண்டிருப்பது பல நேரம் லென்ஸின் இயல்பு. படுதாவில் ஓவியர் தீட்டிய பிரஷ் தடங்கள், படுதா தரையைத் தொடும் மடிப்பு, ஓரத்தில் அச்சான ஸ்டூடியோ பெயரும் ஊரும் ஆகியவற்றையும் விட்டுவைக்க வேண்டும். படம் எந்த ஊரில், ஏறக்குறைய எந்தக் காலத்தில் எடுத்தது என்று பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்க அந்த எழுத்தும் படுதாவும்தான் துணை. ஒரே படுதா இரண்டு குடும்பங்களின் படங்களில் தெரிந்தால் அவை ஒரே ஸ்டூடியோவில் எடுத்தவையாக இருக்கலாம் என்று ஊகிக்க முடியும். உருவங்களை மட்டும் வெட்டி எடுத்து, பின்னணியில் ஒரே நீலத்தையோ சாம்பலையோ நிரப்பிக் கொடுப்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது விரைவான வேலை. ஆனால் அது பழுதுபார்த்தல் அல்ல, படத்தின் பாதியை எறிந்துவிடுவது.

சரிபார்த்தல்

வேலை முடிந்ததாகத் தோன்றும்போது Layer > New from Visible கொண்டு எல்லாவற்றையும் சேர்த்த ஒரு தற்காலிக லேயரை உண்டாக்கி, அதில் Curves கோட்டைச் செங்குத்தாக்கி மாறுபாட்டை மிகக் கடுமையாக ஏற்றிப் பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தெரியாத திட்டுகள், ஹீல் செய்த வட்டங்கள், தலையைச் சுற்றிய வளையம் எல்லாம் அதில் வெளிவரும். குறித்துக்கொண்டு அந்த லேயரை நீக்கிவிட்டு, அந்த இடங்களைத் திருத்தலாம். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பதும் உதவும். பழகிய கண்ணுக்குத் தப்பியவை அப்போது தெரியும். 100 சதவீத அளவில் ஒருமுறையும், திரையில் உள்ளங்கையளவுக்குச் சுருக்கி ஒருமுறையும் பார்க்க வேண்டும். முதல் பார்வையில் துகளின் பிழை தெரியும். இரண்டாவதில் திட்டு தெரியும்.

எங்காவது பின்னணி வழுவழுப்பாகிவிட்டிருந்தால் துகளைத் திரும்பச் சேர்க்கலாம். 808080 என்ற நடுச் சாம்பல் நிரப்பிய புதிய லேயரின் முறையை Grain merge என்று வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாது. அதில் கறுப்பு வெள்ளையாக நாய்ஸ் சேர்த்து, ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவில் லேசாகப் பிளர் செய்தால் ஸ்கேனில் தெரியும் துகளோடு ஒத்துவரும். மாஸ்க் கொண்டு வழுவழுப்பான இடத்தில் மட்டும் அதைத் திறந்து, பக்கத்திலுள்ள தொடாத படுதாவோடு ஒப்பிட்டு அளவை நிர்ணயிக்க வேண்டும். பழைய தாளின் இளஞ்சூடான நிறம் வேண்டுமென்றால், கோப்பை முதலில் Image > Mode > RGB வழியே வண்ணத்துக்கு மாற்றி, முதல் ஸ்கேனின் சுத்தமான இடத்திலிருந்து எடுத்த நிறத்தை ஒரு லேயரில் நிரப்பி அதன் முறையை HSL Color ஆக்கினால் படம் முழுதும் ஒரே சீரான நிறம் கிடைக்கும்.

லேயர்களோடு கூடிய கோப்பை எக்ஸ்.சி.எஃப். வடிவிலும், முடிந்த படத்தை டிஃப் வடிவிலும், உறவினர்களுக்கு அனுப்பும் நகலை மட்டும் ஜேபெக் வடிவிலும் சேமிக்க வேண்டும். முதல் ஸ்கேனை எந்தத் திருத்தமும் இல்லாமல் தனியாக வைத்திருக்க வேண்டும். அச்சுப் படத்தைப் பழைய பலகையோடு அதே ஈரச் சுவரில் திரும்ப மாட்டாதீர்கள். அமிலமில்லாத காகித உறையில் வைத்து, உலர்ந்த அலமாரியில் பாதுகாத்து, சுவருக்குப் புதிய அச்சை மாட்டுங்கள்.